எந்தக் கிளைமைத் தனியே எடுத்துப் பார்ப்பது? உச்சவரம்பு, சராசரி, கால்மானம் – ஓர் ஒப்பீடு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள நடுத்தர அளவிலான ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான் பணியாற்றுகிறேன். வாடிக்கையாளர்களிடம் இருக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதற்காக எங்கள் சர்வீஸ் இன்ஜினியர்கள் மாதவரம் முதல் தாம்பரம் வரை அன்றாடம் போய் வருகிறார்கள். ஆட்டோவுக்கும் கால் டாக்ஸிக்கும் கொடுத்தது, வெளியில் சாப்பிட்டது, வெளியூரில் லாட்ஜில் தங்கியது என அவர்கள் தரும் செலவுக் கோரிக்கைகள், எங்கள் பேச்சில் கிளைம்கள், மாதத்துக்கு ஏறத்தாழ 600 வருகின்றன. அவற்றைப் பார்க்க நாங்கள் இருவர்தான் இருக்கிறோம். கூட்டல் சரியா, பில் இணைத்திருக்கிறதா என்ற அளவில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆனால் எந்த வேலைக்காகப் போனார், அதற்கு இவ்வளவு ஆகுமா என்று சர்வீஸ் ரிப்போர்ட்டோடு வைத்து ஒப்பிட்டு, தேவைப்பட்டால் போன் செய்து விசாரிப்பது மாதம் முப்பது கிளைம்களுக்கு மேல் எங்களால் முடியாது. அந்த முப்பதை எந்தச் சல்லடை கொண்டு பிரித்தெடுப்பது என்பதுதான் நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்த விஷயம்.

மூன்று யோசனைகள் முன்வைக்கப்பட்டன. ஒரு ரூபாய் அளவை உச்சவரம்பாக வைத்து, அதைத் தாண்டியதை மட்டும் பார்க்கலாம் என்றார் மேலாளர். தொகைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கைச் சராசரியோடு கூட்டி, அதற்கு மேல் இருப்பதை எடுக்கலாம் என்றார் புதிதாகச் சேர்ந்த வணிகவியல் பட்டதாரி. கால்மானங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட வீச்சையும் கொண்டு எல்லை வகுக்கலாம் என்றது நான். என் யோசனை ஏற்கப்பட்டது. ஆனால் நான் முதலில் சொன்ன வடிவத்தில் அல்ல. அந்த மாற்றங்களுக்கான காரணங்களும் இந்த ஒப்பீட்டில் வரும்.

உச்சவரம்பு

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. ஒரு நாள் உள்ளூர்ப் பயணத்துக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, எந்தக் கணக்கும் போட வேண்டியதில்லை. ஆனால் வழக்கமாக 400 ரூபாய் ஆகும் பயணத்துக்கு ஒருவர் 950 எழுதினால் இந்தச் சல்லடை அதைக் கேள்வியின்றி விட்டுவிடும். எல்லை எது என்பது எல்லாருக்கும் தெரிந்திருப்பதால், 1,900 ரூபாய்ச் செலவு 950, 950 என்று இரண்டு வவுச்சர்களாக வருவதற்கும் அதுவே வழி காட்டிவிடும். எந்தத் தொகைக்கு மேல் யார் கையெழுத்திட வேண்டும் என்ற அதிகாரப் பகிர்வுக்கு உச்சவரம்பு தேவைதான். அதை நாங்கள் இன்றும் அதற்காக வைத்திருக்கிறோம். வழக்கத்துக்கு மாறானது எது என்று அறிவது வேறு வேலை. வழக்கம் என்ன என்பதை அந்தக் கிளைம்களிடமிருந்தே தெரிந்துகொண்டால்தான் அது முடியும். மற்ற இரண்டு முறைகளும் அப்படிச் செய்ய முயல்பவை.

பதினைந்து கிளைம்கள்

ஒரே குழுவைச் சேர்ந்த இன்ஜினியர்கள் ஒரு மாதத்தில் ‘உள்ளூர்ப் பயணம்’ என்ற தலைப்பில் தந்த பதினைந்து கிளைம்களை எடுத்துக்கொள்வோம். தொகைகளை விளக்கத்துக்காகச் சற்று முழுமைப்படுத்தியிருக்கிறேன். சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் அவை இவை: 220, 260, 280, 310, 340, 360, 380, 400, 420, 450, 480, 520, 590, 1,850, 2,100.

கண்ணால் பார்த்தாலே கடைசி இரண்டும் தனித்து நிற்பது தெரிகிறது. பதினைந்து எண்களுக்குச் சல்லடை வேண்டியதில்லை, அறுநூறுக்குத்தான் வேண்டும். ஆனால் கண்ணுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவதை ஒரு முறை கண்டுகொள்கிறதா என்று சோதிப்பதற்குச் சிறிய வரிசையே நல்லது.

சராசரி முறையை முதலில் போட்டுப் பார்ப்போம். பதினைந்தின் கூட்டுத்தொகை 8,960 ரூபாய். சராசரி ஏறத்தாழ 597. திட்ட விலக்கம் ஏறத்தாழ 570. மூன்று திட்ட விலக்கங்கள் 1,710 ரூபாய் ஆகும். சராசரியோடு சேர்த்தால் எல்லை 2,307 ரூபாய். 1,850 மட்டுமல்ல, 2,100 ரூபாய்க் கிளைமும் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஆக, இந்த முறை ஒன்றையும் எடுத்துத் தரவில்லை.

இது எப்படி நேர்கிறது என்பதுதான் இந்த ஒப்பீட்டின் மையம். பெரிய தொகைகள் இரண்டும் சராசரியைத் தம் பக்கம் இழுக்கின்றன. பதினைந்து பேரில் பதின்மூன்று பேர் 597 ரூபாய்க்குக் கீழே இருக்கும்போது அதை ‘சராசரிச் செலவு’ என்று சொல்வதே பொருந்தவில்லை. திட்ட விலக்கத்தில் இழுப்பு இன்னும் கடுமை, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு விலகலும் வர்க்கப்படுத்தப்படுகிறது. அந்த இரண்டையும் நீக்கிவிட்டு மீதிப் பதின்மூன்றுக்கு மட்டும் கணக்கிட்டால் சராசரி 385, திட்ட விலக்கம் 107, எல்லை 706 ரூபாய் என்று வருகிறது. பிடிபட வேண்டிய தொகைகளே எல்லையை 706லிருந்து 2,307க்குத் தூக்கிவிட்டு, அதன் நிழலில் ஒளிந்துகொள்கின்றன. திருடனிடமே பூட்டுச் செய்யக் கொடுத்தது போன்ற நிலைதான்.

இன்னொன்றும் உண்டு, பலர் இதை அறிவதில்லை. n எண்கள் கொண்ட ஒரு தொகுப்பில், எந்த எண்ணும் சராசரியிலிருந்து (n−1)/√n திட்ட விலக்கங்களுக்கு மேல் விலகியிருக்க முடியாது. n−1ஆல் வகுத்துக் கணக்கிடும் திட்ட விலக்கத்துக்கான கணித வரம்பு இது. பத்து எண்கள் இருந்தால் அந்த வரம்பு 2.85. ஆகவே பத்துக் கிளைம்கள் கொண்ட தலைப்பில் ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் எழுதியிருந்தாலும் ‘மூன்று திட்ட விலக்கம்’ என்ற விதி அதை ஒருபோதும் எடுத்துக் காட்டாது. எங்கள் கிளைம்களில் பாதித் தலைப்புகள் மாதத்துக்குப் பத்துக்கும் குறைவானவை.

இப்போது கால்மானம். எண்களை வரிசைப்படுத்தி நான்கு சம பங்குகளாகப் பிரித்தால், கீழ்க் கால் பங்கு முடியும் இடம் முதல் கால்மானம், மேல் கால் பங்கு தொடங்கும் இடம் மூன்றாம் கால்மானம். நடுவில் இருப்பது இடைநிலை அளவு. நம் வரிசையில் இடைநிலை எட்டாவது எண், அதாவது 400. முதல் கால்மானம் நான்காவது எண்ணான 310க்கும் ஐந்தாவதான 340க்கும் நடுவில், 325. மூன்றாவது, பதினொன்றாவது எண்ணான 480க்கும் பன்னிரண்டாவதான 520க்கும் நடுவில், 500. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 175 ரூபாய். இதுவே கால்மான இடைவீச்சு: நடுவில் உள்ள பாதிப் பேரின் செலவு எவ்வளவு பரந்திருக்கிறது என்று சொல்லும் அளவு. இதில் ஒன்றரை மடங்கை, அதாவது 262.50 ரூபாயை, மூன்றாம் கால்மானத்தோடு கூட்டினால் மேல் வேலி 762.50, முதல் கால்மானத்திலிருந்து கழித்தால் கீழ் வேலி 62.50. 1,850, 2,100 இரண்டும் மேல் வேலிக்கு வெகு தூரம் வெளியே நிற்கின்றன.

அந்த 2,100 ரூபாய் 21,000 ரூபாயாகவே இருந்திருந்தாலும் வேலி இதே இடத்தில்தான் இருந்திருக்கும். கால்மானம் வரிசையில் இடத்தைப் பார்க்கிறதே தவிர, கடைசியில் நிற்பவரின் உயரத்தைப் பார்ப்பதில்லை. சராசரி முறையிலிருந்து இதைப் பிரிக்கும் வேறுபாடு அதுதான். நான் இதைப் பரிந்துரைத்ததற்கான முதல் காரணமும் அதுதான்.

அந்த ஒன்றரை மடங்கு எங்கிருந்து வந்தது என்று மேலாளர் கேட்டார், நியாயமான கேள்வி. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1970களில், இரண்டு கால்மானங்களுக்கும் இடைப்பட்ட பகுதியைப் பெட்டியாக வரைந்து காட்டும் பெட்டிப் படத்தைப் பரப்பியபோது பயன்படுத்திய அளவு அது. மணி வடிவப் பரவலில் அந்த வேலிகளுக்கு வெளியே விழுபவை, இரு பக்கமும் சேர்த்து, ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஏழு. பார்க்கத்தக்க எண்ணிக்கையில் எடுத்துத் தரும் ஒரு நடைமுறை அளவு என்பதைத் தாண்டி அதற்குப் புனிதம் ஏதுமில்லை. மூன்று மடங்கு வைத்து, ‘மிகத் தொலைவில் உள்ளவை’ என்று பிரிக்கும் இரண்டாவது வேலியும் வழக்கத்தில் உண்டு. நம் வரிசையில் அது 1,025 ரூபாயில் வரும்.

எக்ஸலில் இதற்கு நான்கு வரிகள் போதும். தொகைகள் C பத்தியில் இருந்தால், F1, F2, F3 கட்டங்களில் முதல் மூன்றையும், D பத்தியில் நான்காவதையும் இடலாம்:

```
=QUARTILE.INC(C2:C16,1)
=QUARTILE.INC(C2:C16,3)
=F2+1.5*(F2-F1)
=IF(C2>$F$3,"பார்க்கவும்","")
```

இதில் ஒரு சிறு பொறி இருக்கிறது. எக்ஸலில் `QUARTILE.EXC` என்ற இன்னொரு சார்பும் உண்டு. கால்மானத்தின் இடத்தை அது வேறு விதமாகக் கணக்கிடும். அதே பதினைந்து எண்களுக்கு அது 310, 520 என்று தருவதால் மேல் வேலி 835க்குப் போய்விடுகிறது. இரண்டும் தவறல்ல, எண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் ஒரு மாதம் ஒருவர் இதையும் மறுமாதம் மற்றவர் அதையும் பயன்படுத்தினால், 800 ரூபாய் எழுதிய ஒருவர் ஒரு மாதம் கேள்விக்குள்ளாகி மறுமாதம் தப்பிப்பார்; ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. நாங்கள் `QUARTILE.INC` என்று எழுதிவைத்துவிட்டோம். பழைய கோப்புகளில் உள்ள `QUARTILE` என்பதும் அதே கணக்கைத்தான் போடுகிறது.

வேலியே சாயும்போது

கால்மான முறையை நான் முன்வைத்தபோது, அதை யாராலும் ஏமாற்ற முடியாது என்பது போலப் பேசிவிட்டேன். அது மிகை. மேல் கால் பங்குக்குள் என்ன நடந்தாலும் மூன்றாம் கால்மானம் அசையாது என்றால், அந்தக் கால் பங்கைத் தாண்டினால் அசையும் என்றுதான் பொருள்.

அதே பதினைந்தில் 520, 590 ஆகிய இரண்டுக்குப் பதிலாக 1,600, 1,700 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது பெரிய தொகைகள் நான்கு; கால் பங்கைவிடச் சற்றுக் கூடுதல். மூன்றாம் கால்மானம் 480க்கும் 1,600க்கும் நடுவில், 1,040 ரூபாய்க்கு ஏறுகிறது. இடைவீச்சு 715 ஆகிறது. மேல் வேலி 2,112.50. இப்போது 2,100 ரூபாய்க் கிளைம் வேலிக்குள் இருக்கிறது! நான்கு பேர் கூட்டி எழுதினால் ஒருவரும் அகப்படவில்லை. இருவர் எழுதினால் இருவரும் அகப்பட்டார்கள்.

இதை மோசடிக் கண்ணோடு மட்டும் பார்க்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும் வாரங்களில், செயலி வழி டாக்ஸிக் கட்டணம் ஏறிவிடும். பைக்கில் போகிறவர்களும் டாக்ஸி எடுப்பார்கள். அந்த மாதத்தின் வேலியை அந்த மாதக் கிளைம்களைக் கொண்டே கட்டினால், ஏற்றம் எல்லாருக்கும் பொதுவாக இருப்பதால் வேலியும் கூடவே நகர்ந்துவிடும். யாரும் வெளியே தெரிய மாட்டார்கள். மழையின் பெயரால் கூட்டி எழுதியவரும் தெரிய மாட்டார். மாறாக, முந்தைய ஆறு மாதக் கணக்கைக் கொண்டு வேலி கட்டினால் மழைமாதம் முழுவதும் வெளியே விழும். இரண்டிலும் சங்கடம் உண்டு. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். ஏனென்றால் அங்கே நேரும் பிழை கண்ணுக்குத் தெரிகிறது: வேலிக்கு வெளியே திடீரென்று எண்பது கிளைம்கள் வந்தால், இது தனிநபர் விஷயம் அல்ல, பொதுவான ஏதோ மாறியிருக்கிறது என்று உடனே புரிந்துவிடும். முதல் முறையில் நேரும் பிழை ஓசையின்றி நடந்துவிடுகிறது. ஆகவே எங்கள் வேலிகள் முந்தைய ஆறு மாதத் தரவிலிருந்து கட்டப்படுகின்றன. விசாரித்துத் தவறு என்று திருத்தப்பட்ட கிளைம்கள் அந்தத் தரவில் திருத்திய தொகையோடுதான் இடம்பெறும்.

இதற்கு நேர் எதிரான ஒரு கோளாறும் உண்டு. நிறுவனம் ஒரு நாள் படி 300 ரூபாய் என்று நிர்ணயித்திருக்கும் தலைப்பில், பெரும்பாலான கிளைம்கள் சரியாக 300ஆகவே இருக்கும். முதல் கால்மானமும் 300, மூன்றாவதும் 300, இடைவீச்சு பூஜ்யம், வேலி 300லேயே நிற்கும். 310 எழுதியவரும் வெளியே. படி என்பது விதிப்படி சரிபார்க்க வேண்டியது. அதற்குப் புள்ளியியலே தேவையில்லை. அந்தத் தலைப்பைச் சல்லடையிலிருந்து நீக்கிவிட்டோம்.

எதை எதோடு சேர்த்து வைப்பது

எல்லாக் கிளைம்களையும் ஒரே பத்தியில் போட்டு வேலி கட்டினால் என்ன ஆகும் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. உள்ளூர்ப் பயணமும் சாப்பாடும் நூறுகளில் இருக்கும். கோயம்புத்தூரில் இரண்டு இரவு தங்கிய பில் ஆயிரங்களில் இருக்கும். லாட்ஜ் பில்கள் எண்ணிக்கையில் குறைவாக இருந்த மாதத்தில் அவை அத்தனையும் வேலிக்கு வெளியே விழுந்தன. அதில் ஒரு செய்தியும் இல்லை. லாட்ஜ் ஆட்டோவைவிட விலை கூடுதல் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெளியூர் வேலை அதிகமாகி அவை கால் பங்கைத் தாண்டியிருந்தால், மேலே சொன்னது போல மூன்றாம் கால்மானமே லாட்ஜ் பில்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, 5,000 ரூபாய்க்கு ஆட்டோவில் போனதாக ஒருவர் எழுதினாலும் விட்டுவிட்டிருக்கும்.

ஆகவே தலைப்பு வாரியாகப் பிரிப்பது கட்டாயம். ஆனால் பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு பிரிவிலும் எண்ணிக்கை குறைகிறது. எட்டுக் கிளைம்களைக் கொண்டு கணக்கிட்ட கால்மானம் ஒரே ஒரு கிளைம் கூடினாலும் ஆடும். ஆறு மாதத் தரவு என்ற முடிவு இங்கேயும் உதவியது. அப்படியும் முப்பது கிளைம்கள் சேராத தலைப்புகளுக்கு வேலி கட்டுவதில்லை. அவற்றை நேரடியாகப் படித்துவிடுகிறோம். முப்பது என்பது நாங்கள் வைத்துக்கொண்ட வசதி அளவுதான்.

பயணத் தலைப்பில் இதைவிட நல்ல வழி ஒன்று இருந்தது. மொத்த ரூபாயை விட்டுவிட்டு, கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று மாற்றி, அதற்கு வேலி கட்டுவது. தூரம் கூடினால் தொகை கூடுவது இயல்பு. விகிதம் கூடினால்தான் கேள்வி. இதன் பயன் என்ன என்பதை அந்த இரண்டு கிளைம்களே காட்டும்.

1,850 ரூபாய்க் கிளைமைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அது ஒரகடத்தில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குப் போய் வந்தது. போக வர 88 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 21 ரூபாய். 18 கிலோமீட்டருக்கு 380 ரூபாய் எழுதிய இன்னொருவருடைய விகிதமும் அதே அளவுதான். பயணம் ‘உள்ளூர்’ என்ற தலைப்பில் வந்ததுதான் பொருந்தவில்லை, தொகையில் பிழையில்லை. 2,100 ரூபாய்க் கிளைமைத் தந்தவருக்குப் போன் செய்தேன். “அது அஞ்சு நாள் பில்லு சார், சேத்து ஒரே வவுச்சரா போட்டுட்டேன்” என்றார். ஐந்து நாள் பில்களும் பின்னால் குத்தியிருந்தன. நாளுக்கு 420 ரூபாய் வீதம், நடுவில் உள்ள எல்லாரையும் போலத்தான். விகிதத்துக்கு வேலி கட்டியிருந்தால் இரண்டுமே வெளியே வந்திருக்காது. இரண்டு போன் அழைப்புகள் மிச்சமாகியிருக்கும்.

அதே பதினைந்தில் உண்மையில் தவறான ஒன்று இருந்தது. ஒரே ஆட்டோவில் சேர்ந்து போன இருவர், ஒருவர் 340 என்றும் மற்றவர் 360 என்றும், தனித்தனியே கிளைம் செய்திருந்தார்கள். இரண்டு தொகையும் முதல், மூன்றாம் கால்மானங்களுக்கு நடுவே, பெட்டியின் உள்ளேயே இருந்தன. வேறு ஒரு காரணத்துக்காக அன்றைய சர்வீஸ் ரிப்போர்ட்டைப் புரட்டியபோது தற்செயலாகத்தான் அது தெரிந்தது. கால்மான விதி தொகையின் அளவை மட்டும் பார்க்கிறது. இல்லாத பயணத்துக்கு இயல்பான தொகை எழுதினால் அதற்கு ஒன்றும் தெரியாது. இதை மேலாளரிடம் சொல்லவே முதலில் தயங்கினேன்: என் சல்லடை நிரபராதிகள் இருவரைக் காட்டிக்கொடுத்து, தவறு செய்தவர்களை விட்டுவிட்டது. ஆனால் இந்தக் குறை மற்ற இரண்டு முறைகளுக்கும் பொதுவானது. ஒரே தேதி, ஒரே வாடிக்கையாளர், இரண்டு வவுச்சர்கள் என்று தேடும் தனிச் சோதனை ஒன்றை எழுதிச் சேர்த்தோம். அது வேறு கதை.

கால்மான விதி உண்மையிலேயே கைகொடுத்த இடம் எழுத்துப் பிழை. 380 என்பதை 3,800 என்று பதிந்தது, வவுச்சர் எண்ணைத் தொகைப் பத்தியில் இட்டது போன்றவை அடுத்தடுத்த மாதங்களில் பலமுறை அகப்பட்டன. பணம் போவதற்கு முன்பே இவை நின்றன.

ஒரு பக்கம் நீண்ட வால்

சாப்பாட்டுத் தலைப்பில் வேறொரு சிக்கல் வந்தது. மணி வடிவப் பரவலில்தான் ஆயிரத்துக்கு ஏழு என்று சொன்னேன். செலவுகள் அப்படிப் பரவுவதில்லை. பெரும்பாலோர் மெஸ்ஸில் நூற்றைம்பதுக்குள் சாப்பிடுவார்கள். சிலர் வாடிக்கையாளரையும் அழைத்துப் போய் 600, 800 செலவிடுவார்கள். கீழ்ப்பக்கம் பூஜ்யத்தில் முட்டிக்கொண்டு, மேல்பக்கம் வால் நீண்டு கிடக்கும். இத்தகைய பரவலில் வேலிக்கு வெளியே விழுபவை பல மடங்கு கூடும். எண்களுக்கு லாக் எடுத்தால் மணி வடிவம் பெறும் பரவல் லாக்-இயல்நிலைப் பரவல்; வலுவாகச் சாய்ந்த அத்தகைய ஒன்றில், லாக் அளவின் திட்ட விலக்கம் 1 எனக் கொண்டால், மேல் வேலியைத் தாண்டுபவை ஏறத்தாழ 8 விழுக்காடு. 600 கிளைம்களுக்கு அது 47. எங்கள் சக்தியோ முப்பது.

ஒன்றரை மடங்கை மூன்றாக்கினால் எண்ணிக்கை குறையும் என்பது ஒரு வழி. அதைவிட, தொகைகளுக்கு எக்ஸலின் `LN` சார்பால் லாக் எடுத்து, அந்த எண்களுக்குக் கால்மானமும் வேலியும் கணக்கிட்டு, கடைசியில் `EXP` கொண்டு ரூபாய்க்குத் திருப்புவது பொருத்தமாக இருந்தது. ரூபாய்க் கணக்கில் ‘எவ்வளவு கூடுதல்’ என்று கேட்கிறோம். லாக் கணக்கில் ‘எத்தனை மடங்கு’ என்று கேட்கிறோம். செலவைப் பார்க்கும் கணக்கர் மனதில் எழுவதும் இரண்டாவது கேள்விதான். நம் பழைய பதினைந்துக்கே இதைச் செய்தால் மேல் வேலி 762.50லிருந்து ஏறத்தாழ 954க்கு உயர்கிறது. 1,850, 2,100 இரண்டும் அப்போதும் வெளியேதான். கீழ் வேலி 62.50லிருந்து 170க்கு ஏறுகிறது. முதலில் அது எனக்கு வியப்பாக இருந்தது. 62 ரூபாய்க்குக் கீழே யாரும் கிளைம் செய்வதில்லை என்பதால் பழைய கீழ் வேலி வெறும் அலங்காரம். 170க்குக் கீழே வரும் கிளைம்களோ, ஒரு பயணத்தைத் துண்டு துண்டாக எழுதியதாக இருக்க வாய்ப்புண்டு. உச்சவரம்பும் சராசரி முறையும் கீழ்ப்பக்கத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

லாக் கணக்குக்கு ஒரு விலை உண்டு: பூஜ்யமும், திருத்தத்துக்காக இட்ட எதிர்மறைத் தொகைகளும் இருந்தால் `LN` பிழை காட்டும், அவற்றை முன்னதாகவே பிரித்து வைக்க வேண்டும். விளக்குவதும் கடினம். விற்பனைப் பிரிவில் மூத்தவர் ஒருவர், ஏன் தன் கிளைம் திரும்பி வந்தது என்று கேட்டபோது லாக் என்று சொல்லி நான் மாட்டிக்கொண்டேன். “கடந்த ஆறு மாதத்தில் இதே தலைப்பில் வந்தவற்றோடு ஒப்பிட்டால் இது பெரும்பாலானவற்றைவிட மிகவும் கூடுதல், காரணம் மட்டும் சொல்லுங்கள் சார்” என்பதே போதுமாக இருந்தது.

ஆக, எங்கள் மேசையில் இப்போது இருப்பது இது. கையெழுத்து அதிகாரத்துக்கு உச்சவரம்பு. விசாரணைக்கு எடுப்பதற்கு அல்ல. சராசரியும் திட்ட விலக்கமும் கைவிடப்பட்டன. பயணத்துக்குக் கிலோமீட்டர் விகிதத்தின் மீது ஒன்றரை மடங்கு வேலி. சாப்பாட்டுக்கும் லாட்ஜுக்கும் லாக் அளவில் அதே ஒன்றரை மடங்கு. எல்லாம் முந்தைய ஆறு மாதத் தரவிலிருந்து, காலாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து. வெளியே விழுபவை முப்பதைத் தாண்டினால் வேலியிலிருந்து அதிகம் விலகியவற்றை முதலில் எடுக்கிறோம். குறைந்தால், மீதி இடத்தை வேலிக்குள் இருப்பவற்றிலிருந்து குலுக்கல் முறையில் நிரப்புகிறோம். இந்தக் குலுக்கலைச் சேர்க்கச் சொன்னவர் அந்தப் புதிய பட்டதாரிதான். 340, 360 போன்றவை பெட்டிக்குள் எத்தனை இருக்கின்றன என்பதை மதிப்பிட எங்களுக்கு வேறு வழியில்லை.